பணியாரக் கல் கோப்பை: ஆடிட்டர் ஆபீஸ் – இன்ஜினியர் ஆபீஸ் கிரிக்கெட், பிப்ரவரி 22

இரண்டு ஆபீஸ் அண்ணன்மார், அக்காமார், தம்பி தங்கைகள் அனைவருக்கும்,

மாடிப்படியில் பார்க்கும்போதெல்லாம் "ஒரு மேட்ச் போடுவோமா" என்று கேட்டுக்கொண்டிருந்தோமே, அது முடிவாகிவிட்டது. 2026 பிப்ரவரி 22, ஞாயிறு. முதல் ஞாயிறு தைப்பூசம், பழனிக்கு நடந்து போகிறவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். அவர்கள் கால் கொப்புளம் ஆற ஒரு வாரமாவது வேண்டும். 15-ஆம் தேதி சிவராத்திரி, அன்றைக்குக் கோழி அடித்தால் பாதிப்பேர் சாப்பிட மாட்டார்கள். அதற்கு மேல் தள்ளினால் வெயில் தாங்காது.

இடம், கோட்டையூர் ஊருணிக்குப் பக்கத்துப் பொட்டல். காலை 7.15-க்கு டாஸ், 7.30-க்கு முதல் பந்து. காரைக்குடியிலிருந்து வருகிறவர்களுக்கு 6.30-க்குப் பெரியார் சிலையருகே வேன் நிற்கும். காத்திருக்காது.

அணிக்குப் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் பேட் பிடிக்கலாம், களத்தில் பதினொருவர்தான். ஒவ்வொரு அணியிலும் மூன்று பெண்களாவது ஆட வேண்டும். பெண்கள் அடித்தால் ஓட்டம் இரட்டிப்பு என்று ஒரு யோசனை வந்தது. கீழ் மாடி ரிசப்ஷன் தங்கை, "முதலில் என் பந்தை அடித்துக் காட்டச் சொல்லுங்கள்" என்றதோடு அந்த யோசனை போய்விட்டது. வெளியிலிருந்து ஆள் இறக்கக் கூடாது. "நேற்றுத்தான் வேலைக்குச் சேர்ந்தார்" என்று கல்லூரி அணி ஓப்பனரைக் கூட்டி வந்தால் பி.எஃப். கணக்கைக் காட்டச் சொல்லுவோம்.

அணிக்கு 20 ஓவர். ஒருவர் இரண்டு ஓவருக்கு மேல் போட முடியாது, ஆகவே பத்துப் பேராவது பந்து போட்டே ஆக வேண்டும். முப்பது ஓட்டம் எடுத்தவர் வெளியே வந்துவிட வேண்டும். மற்ற எல்லோரும் ஆடி முடித்தபின் விக்கெட் மிச்சமிருந்தால் திரும்பப் போகலாம். இரண்டு பேர் அடிக்க, மற்றவர்கள் மர நிழலில் போன் பார்த்துக்கொண்டிருக்கும் மேட்ச் நமக்கு வேண்டாம். டென்னிஸ் பந்துதான். எல்.பி.டபிள்யூ. கிடையாது. வைடு, நோபாலுக்கு ஒரு ஓட்டம், மறுபந்து. ஸ்கோர் சமமானால், பக்கத்துக்கு ஐந்து பேர் வெறும் ஸ்டம்பைப் பார்த்து ஆளுக்கொரு பந்து போடுவார்கள். கூடுதலாகச் சாய்த்தவர்கள் ஜெயித்தார்கள்.

ஒரு விதியைக் கண்டிப்பாக நினைவில் வையுங்கள். அது குடிதண்ணீர் ஊருணி. ஊர்க்காரர்கள் அதில் கால் கழுவ விடமாட்டார்கள், நாமும் இறங்கப் போவதில்லை. பந்து ஊருணிக்குள் விழுந்தால், எவ்வளவு உயரமாகப் போயிருந்தாலும் அடித்தவர் அவுட். பந்தை வாளி கட்டித்தான் எடுப்போம்.

அம்பயர்கள் இருவரும் வெளியாட்கள். ஒருவர் ஓய்வுபெற்ற பி.டி. வாத்தியார், இன்னொருவர் அவரிடம் படித்தவர். அவர்கள் தீர்ப்பே முடிவு. கையால் டிவி பெட்டி வரைந்து மறுபரிசீலனை கேட்கிறவர் அடுத்த இடைவேளையில் இரண்டு அணிக்கும் மோர் ஊற்ற வேண்டும். ஸ்கோர் புத்தகம் பக்கத்துக்கு ஒருவர் எழுதுவார்கள், ஓவருக்கு ஓவர் ஒத்துப் பார்ப்பார்கள். ஆடிட்டர் பக்கம் "ரவுண்டு ஆஃப்" என்ற பேச்சே எடுக்கக் கூடாது. பிட்ச் அளப்பது இன்ஜினியர் பக்கத்துப் பொறுப்பு: 22 கெஜம், அதாவது 66 அடி. போன தடவை மாதிரி காலடி வைத்து அளக்க வேண்டாம், டேப்போடு வாருங்கள்.

இன்னிங்ஸ் இடைவேளையில் இடியாப்பமும் கோசமல்லியும். மேட்ச் பதினொரு மணிக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டரைக்கு, நம் மூத்த கணக்காளர் வீட்டு வளவில் இலை. கோழிக் குழம்பு, ஆட்டு உப்புக்கறி, நண்டு ரசம். சைவத்துக்கு வெண்டைக்காய் மண்டி, பருப்பு, அப்பளம். கடைசியில் எல்லோருக்கும் கவுனி அரிசி. சமையல் ஆச்சியின் மேற்பார்வையில் நடக்கிறது, அதனால் காரத்தைக் குறைக்கச் சொல்லி எங்களிடம் மனுக் கொடுத்துப் பயனில்லை. ஆளுக்கு 350 ரூபாய், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம்.

கோப்பை என்னவென்று தலைப்பிலேயே சொல்லிவிட்டோம். ஏழு குழி வார்ப்பிரும்புப் பணியாரக் கல், ஆத்தங்குடிப் பூக்கல் பீடத்தில். பீடத்திலிருந்து கல்லைத் தனியே எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். தோற்ற ஆபீஸ் மறுநாள் திங்கட்கிழமை நாலு மணிக்கு அதே கல்லில் குழிப்பணியாரம் சுட்டு, கார சட்னியோடு ஜெயித்த ஆபீஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். ஆடியவர்களே சுட வேண்டும். வீட்டிலிருந்து சுட்டு வந்தது செல்லாது. அதன்பின் கல்லைத் தேய்த்துக் கழுவி, எண்ணெய் தடவி, ஜெயித்தவர்கள் அலமாரியில் வைத்துவிட்டு வரவும். டக் அவுட் ஆகிறவர்களுக்கு அம்பயர் கையால் ஆளுக்கொரு சுழியம் உண்டு, மைதானத்திலேயே சாப்பிட வேண்டும்.

ஆடுகிறவர்கள், சாப்பிட மட்டும் வருகிறவர்கள் எல்லோரும் 18-ஆம் தேதி புதன் மாலைக்குள் அந்தந்த ஆபீஸ் காசாளரிடம் பெயரும் பணமும் கொடுத்துவிடுங்கள். சைவமா அசைவமா என்பதையும் சொல்லுங்கள். தரை சரளை, வெறுங்காலோடு யாரும் இறங்க வேண்டாம். தொப்பி, தண்ணீர் பாட்டில் அவரவர் பாடு.

இப்படிக்கு,
இரண்டு ஆபீஸ் மேட்ச் கமிட்டி
செக்காலை ரோடு, காரைக்குடி