4. முடிவுகள்: வீட்டுக் குழாயும் பிள்ளைகளின் மாலை நேரமும்

வடசென்னையின் கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி ஆகிய பகுதிகளில் 12 தெருக்களிலிருந்து எடுத்த 216 வீடுகளின் கணக்கு இது. பாதி வீடுகளில் (108) தண்ணீர்க் குழாய் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மீதி 108 வீடுகள் தெருக்குழாய், அடிபம்பு, லாரித் தண்ணீர் இவற்றை நம்பி இருக்கின்றன. இனி முதல் வகையை 'உள்குழாய் வீடு' என்றும் இரண்டாவதை 'வெளித்தண்ணீர் வீடு' என்றும் சொல்கிறோம். ஒவ்வொரு வீட்டிலும் 8 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் ஒரு பிள்ளையை மட்டும் எடுத்துக்கொண்டோம்: 119 பெண் பிள்ளைகள், 97 ஆண் பிள்ளைகள்.

p மதிப்பு எவ்வளவு சிறியது என்று காட்டும் நட்சத்திரக் குறிகள் அட்டவணையில் இல்லை. எங்கள் முதல் வரைவில் இருந்தன. தண்ணீர் நேரத்துக்கு மூன்று நட்சத்திரம், தாமதத்துக்கு ஒன்று, பெண் பிள்ளைகளின் படிப்பு நேரத்துக்கு ஒன்றும் இல்லை. அதைப் படித்த எவருக்கும் எத்தனை நிமிடம், எத்தனை பிள்ளைகள் என்று தெரிந்திருக்காது. ஆகவே ஒவ்வொரு வேறுபாட்டையும் அதன் சொந்த அலகிலேயே, 95% நம்பிக்கை இடைவெளியோடு தருகிறோம். p மதிப்பை மறைக்கவில்லை. அதையும் எண்ணாகவே எழுதியிருக்கிறோம்.

| அளவு | உள்குழாய் | வெளித்தண்ணீர் | வேறுபாடு | 95% இடைவெளி | p |
|---|---|---|---|---|---|
| தண்ணீருக்குச் செலவாகும் நேரம் (நாளுக்கு நிமிடம்) | 31 | 74 | 43 | 34.2 முதல் 51.8 | < 0.001 |
| கடந்த வாரம் ஒரு நாளாவது தாமதமாகப் பள்ளிக்குப் போனவர்கள் (%) | 21.3 | 36.1 | 14.8 | 2.9 முதல் 26.7 | 0.016 |
| பெண் பிள்ளைகள்: வீட்டில் படிக்கும் நேரம் (நிமிடம்) | 96 | 82 | 14 | −0.2 முதல் 28.2 | 0.053 |
| ஆண் பிள்ளைகள்: வீட்டில் படிக்கும் நேரம் (நிமிடம்) | 88 | 85 | 3 | −14.4 முதல் 20.4 | 0.73 |

4.1 தண்ணீருக்குப் போகும் நேரம்

வெளித்தண்ணீர் வீடுகளில் நாளுக்குச் சராசரியாக 43 நிமிடம் கூடுதலாகப் போகிறது. திட்ட விலக்கம் உள்குழாய் வீடுகளில் 22, வெளித்தண்ணீர் வீடுகளில் 41. மற்ற ஆய்வுகளோடு ஒப்பிட விரும்புவோருக்காக, வேறுபாட்டைத் திட்ட விலக்கத்தால் வகுத்துக் கிடைக்கும் d = 1.31 (1.01 முதல் 1.60) என்பதையும் சொல்லிவிடுகிறோம். 0.8-க்கு மேல் போனாலே 'பெரிய விளைவு' என்பது வழக்கம். ஆனால் எங்களுக்கு நிமிடக் கணக்குதான் முக்கியம். இடைவெளியின் கீழ் முனையான 34 நிமிடத்தை வைத்துக்கொண்டாலும் வாரத்துக்குக் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் வருகிறது.

சராசரியை மட்டும் பார்த்தால் ஒன்று தெரியாமல் போகும். வெளித்தண்ணீர் வீடுகளில் ஒன்பது மட்டும் நாளுக்கு 150 நிமிடத்துக்கு மேல் செலவழிக்கின்றன. கொருக்குப்பேட்டையில் அப்படி ஒரு வீட்டில் அம்மா விடியற்காலை ஐந்து மணிக்கு அடிபம்பில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வந்து உலை வைக்கிறார். தன் முறை வரும்போது மகள் போய் நிற்கிறாள். இரண்டு பேரின் நேரத்தையும் சேர்த்தே கணக்கிட்டோம். அந்த ஒன்பது வீடுகளை நீக்கிப் பார்த்தபோதும் வேறுபாடு 34 நிமிடம் (27 முதல் 41). அளவு குறைகிறது, ஆனால் காணாமல் போகவில்லை. ஒன்பது வீடுகளையும் விலக்காமல் தருவதே சரி என்று நினைக்கிறோம், ஏனென்றால் அவை அளவீட்டுப் பிழைகள் அல்ல. களப்பணியாளர்கள் இரண்டாம் முறை நேரில் போய்ச் சரிபார்த்தார்கள்.

4.2 பள்ளிக்குத் தாமதம்

வெளித்தண்ணீர் வீடுகளில் 108-க்கு 39 பிள்ளைகள், உள்குழாய் வீடுகளில் 108-க்கு 23 பிள்ளைகள். ஆட்ஸ் விகிதம் 2.09 (1.14 முதல் 3.83). இதை 'இரண்டு மடங்கு தாமதம்' என்று படித்துவிடக் கூடாது. சதவீதங்களை நேராக வகுத்தால் 1.7 மடங்குதான் வரும். தாமதம் இவ்வளவு சகஜமாக இருக்கும் இடத்தில் ஆட்ஸ் விகிதம் விஷயத்தைப் பெரிதாக்கிக் காட்டும். அதனால்தான் அட்டவணையில் சதவீதப் புள்ளி வேறுபாட்டை வைத்தோம். நூறு பிள்ளைகளுக்கு 15 பேர் என்பது எங்கள் மதிப்பீடு. ஆனால் 3 பேர் என்பதும் 27 பேர் என்பதும் இதே தரவோடு ஒத்துப்போகின்றன. ஒரு பள்ளித் தலைமை ஆசிரியருக்கு இந்த இரண்டும் ஒரே செய்தி இல்லை.

4.3 வீட்டில் படிக்கும் நேரம்

பெண் பிள்ளைகளிடம் வேறுபாடு 14 நிமிடம் (−0.2 முதல் 28.2; p = 0.053; d = 0.36). நட்சத்திர முறையில் இந்த வரி வெறுமையாக நின்றிருக்கும், படிப்பவர் 'விளைவு இல்லை' என்று எடுத்துக்கொண்டிருப்பார். தரவு அப்படிச் சொல்லவில்லை. இடைவெளியின் பெரும்பகுதி பூஜ்யத்துக்கு மேலே, கிட்டத்தட்ட அரை மணி நேரம் வரை போகிறது. 'விளைவு உண்டு' என்று அடித்துச் சொல்லவும் முடியாது. குடும்ப வருமானத்தையும் தாயின் படிப்பையும் கணக்கில் சேர்த்தபோது வேறுபாடு 11 நிமிடமாக இறங்கியது (−2.9 முதல் 24.9). உள்குழாய் உள்ள குடும்பங்கள் கொஞ்சம் வசதியானவை என்பதால் இந்த இறக்கம் எதிர்பார்த்ததே. இடைவெளியின் அகலத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் நான்கு மடங்கு பெண் பிள்ளைகள், அதாவது ஏறக்குறைய 480 பேர் தேவை.

ஆண் பிள்ளைகளிடம் வேறுபாடு 3 நிமிடம். இடைவெளி இரு பக்கமும் விரிந்திருக்கிறது: 20 நிமிட நன்மையும் 14 நிமிட இழப்பும் உள்ளே அடங்குகின்றன. எனவே ஆண் பிள்ளைகளுக்கு விளைவே இல்லை என்று இங்கிருந்து யாரும் முடிவு கட்ட வேண்டாம்.

சரி, 'குழாய் வந்தால் பெண் பிள்ளைகளுக்குத்தான் பலன்' என்று சொல்லலாமா? எங்கள் குழுவில் அதிகம் விவாதித்தது இதைத்தான். களத்தில் பார்த்ததும் அதை நோக்கித்தான் தள்ளியது. குடத்தோடு வரிசையில் நின்றவர்களில் அநேகம் பேர் பெண் பிள்ளைகளே. ஆனால் அதற்கு இரண்டு வேறுபாடுகளின் வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்: 14 − 3 = 11 நிமிடம், இடைவெளி −11.3 முதல் 33.3. ஒரு வரி எல்லையைத் தொட்டு நிற்பதும் இன்னொரு வரி தள்ளி நிற்பதும் இருவருக்கும் இடையே வித்தியாசம் உண்டு என்பதற்குச் சான்று ஆகாது. இந்தக் கேள்வியைத் திறந்தே விட்டுவிடுகிறோம்.

4.4 தெருவாரித் திரட்சி

ஒரே தெருவில் உள்ள வீடுகளுக்கு லாரி வருவதும் குழாயில் அழுத்தம் குறைவதும் பெரும்பாலும் ஒரே நேரத்தில்தான். ஆகவே 216 வீடுகளும் தனித்தனிச் சான்றுகள் அல்ல. தெருவைத் தொகுதியாக வைத்துத் திட்டப் பிழைகளை மீண்டும் கணக்கிட்டோம். தண்ணீர் நேரத்துக்கு இடைவெளி 31 முதல் 55 ஆனது. தாமதத்துக்கு 0.3 முதல் 29.3, பெண் பிள்ளைகளின் படிப்பு நேரத்துக்கு −4 முதல் 32. மதிப்பீடுகள் மாறவில்லை, ஆனால் மூன்று இடைவெளிகளும் அகன்றுவிட்டன. 12 தெருக்கள் என்பது இந்தக் கணக்குக்குக் குறைவு என்பதால் இவையும் கொஞ்சம் குறுகலாகவே இருக்கக்கூடும். பகுதி 5-இல் இந்த ஆய்வை மேற்கோள் காட்டும் இடங்களில் இந்த அகன்ற இடைவெளிகளையே பயன்படுத்தியிருக்கிறோம்.