வரம்புகள் பத்தி, திருத்தியது

அக்கா, பூக்கட்டும் பெண்களின் கழுத்து, மணிக்கட்டு வலி பற்றிய நம் ஆய்வறிக்கையில் பழைய வரம்புகள் பத்தியைத் தூக்கிவிட்டேன். "மாதிரி சிறியது, முடிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது" என்று நாமே எழுதிவிட்டால், ஆவணி வெயிலில் செல்லூர் சந்துகளில் அலைந்தது எதற்கு? குறையை மறைக்கவில்லை, ஒவ்வொன்றும் எந்த எண்ணைத் தொடும், எதைத் தொடாது என்று மட்டும் சேர்த்திருக்கிறேன். இதை அப்படியே ஒட்டிவிடலாம்:

"பூக்கட்டும் பெண்களுக்கென்று பதிவேடு எதுவும் எங்களுக்குக் கிடைக்காததால், ஒருவர் சொல்லி அடுத்தவர் என்றுதான் வீடுகளைக் கண்டோம், ஆகவே பதில் தந்தவர்களில் வலி இருந்ததாகச் சொன்னவர்கள் 64 சதவீதம் என்பது செல்லூரில் நாங்கள் சந்தித்தவர்களின் கணக்கு, மதுரை முழுவதற்குமானது அல்ல. அணுகிய 240 பேரில் 31 பேர் பதில் தரவில்லை. அவர்களில் ஒருவருக்குக்கூட வலி இல்லை என்றே வைத்துக்கொண்டாலும், கடந்த 12 மாதங்களில் கழுத்திலோ மணிக்கட்டிலோ வலி இருந்ததாகச் சொன்ன 134 பேர் 240 பேரில் 56 சதவீதம், அதாவது பாதிக்கு மேல். வலி தாங்காமல் தொழிலையே விட்டவர்கள் இந்தக் கணக்கில் வரவே இல்லை. அந்த அளவில் எங்கள் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இன்னொரு பக்கம், ஆவணி முகூர்த்த மாதம், கட்டு வேலை கூடுதல். கடந்த 7 நாள் வலியைப் பற்றிய எண்ணை அது உயர்த்தியிருக்கலாம், அதனால் அதை முடிவுரையில் சேர்க்கவில்லை. ஒரே முறை கேட்டறிந்த ஆய்வு இது. நீண்ட நேரம் கட்டுவதால்தான் வலி வந்தது என்று நிறுவ முடியாது. ஆறு மணி நேரத்துக்கு மேல் கட்டுபவர்களிடம் வலி அதிகம் என்ற தொடர்பு, 40 வயதுக்குக் கீழும் மேலும் தனித்தனியாகப் பார்த்தபோதும் மாறவில்லை என்பதை மட்டும் சொல்கிறோம். 22 வீடுகளில் பூ கொடுக்கும் வியாபாரி பக்கத்திலேயே நின்றிருந்தார். அந்த விடைகளை நீக்கிப் பார்த்தபோதும் வலி விகிதம் பெரிதாக நகரவில்லை. கூலி விஷயம் வேறு. முழத்துக்கா, எடைக்கா, முன்பணம் கழித்தா என்று ஆளுக்கொரு கணக்கு சொன்னார்கள், வாங்கிய தொகையைச் சரிபார்க்க எங்களிடம் வழி இல்லை. எனவே கூலி பற்றி இந்த ஆய்வு எந்த முடிவும் சொல்லவில்லை."

கூலி அட்டவணை போவது உங்களுக்கு வருத்தமாக இருக்கும், எனக்கும்தான், ஆனால் அதை வைத்துக்கொண்டு மற்றதை நம்பச் சொல்ல முடியாது. அப்புறம், அந்த 31 பேரில் வீடு பூட்டியிருந்தது எத்தனை, முகத்துக்கு நேரே மறுத்தது எத்தனை என்று உங்கள் குறிப்பேட்டில் இருக்கும் இல்லையா? இரண்டும் ஒன்றல்ல. எண்ணை அனுப்பினால் "பதில் தரவில்லை" என்பதைப் பிரித்து எழுதிவிடுகிறேன்.