‘தண்ணி முறை’ கதைக்கு இன்னொரு முடிவு

தங்கச்சி, உங்கள் கதையை நிதானமாக வாசித்தேன். சிறுபோகத்தில் இரணைமடுத் தண்ணீர் எல்லா வயலுக்கும் காணாது, பங்கு போட்டுத்தான் விதைக்க வேண்டும். அந்தப் பங்குக்குள்ளேயே அண்ணன் தம்பி பிணக்கைக் கொண்டுவந்து வைத்திருக்கிறீர்கள். வாய்க்காலோடு வளர்ந்தவருக்குத்தான் அது வரும். கடைசிப் பந்தியை மட்டும் தொட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியிருந்தது இது:

“கந்தையர் தம்பியின் வயலுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டார். அவருடைய கண்கள் கலங்கின. சொத்தைவிடச் சொந்தமே பெரிது என்று அன்றுதான் உணர்ந்தார். நாமும் விட்டுக்கொடுத்து வாழ்ந்தால் ஒற்றுமை ஓங்கும்.”

இவ்வளவு தூரம் கந்தையரோடு வரம்பில் நடந்து வந்த வாசகருக்கு இதைச் சொல்லித்தான் விளங்க வேண்டுமா? அதோடு, தாயின் செத்தவீட்டிலேயே முகம் பாராமல் நின்ற இருவருடைய கோபம் ஒரு மடை வெட்டியதும் தீர்ந்துவிடும் என்று எனக்கு நம்ப முடியவில்லை. இப்படி எழுதிப் பார்த்தேன்:

“கந்தையரின் முறை முடிய இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. ரோச் லைற்றை வரம்பில் வைத்துவிட்டுக் குந்தினார். தம்பியின் பயிர் குடலை தள்ளி நின்றது. அடியில் நிலம் வெடித்திருந்தது. ஒரு குடலையை உரித்துப் பார்த்தார். உள்ளே கதிர் வெள்ளையாக, ஈரமாக இருந்தது.

எழும்பி மண்வெட்டியை எடுத்து நடு வரம்பை வெட்டினார். தண்ணீர் வெடிப்புகளுக்குள் இறங்கியது.

வாய்க்கால் றோட்டில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது.

‘ஆர் அது வரம்பை வெட்டுறது?’

கந்தையர் நிமிரவில்லை.

‘கிழக்கு வரம்பைப் போய்ப் பார். நண்டு ஓட்டையாலே தண்ணி போகுது.’

மோட்டார் சைக்கிளின் லைற் அவர் முதுகில் விழுந்தபடி இருந்தது. எஞ்சின் நிற்கவில்லை.”

நண்டு ஓட்டை உங்களுடையதுதான். இருவரும் சின்ன வயதில் மண் குழைத்து அடைத்த இடத்தைத் தொடக்கத்தில் அவ்வளவு அழகாகச் சொல்லிவிட்டு, பிறகு அந்தப் பக்கமே போகாமல் விட்டுவிட்டீர்கள். மன்னிப்பு என்ற சொல்லைக் கந்தையரின் வாயில் வைக்க முடியாது, அவர் அப்படிப் பேசுகிற ஆள் இல்லை. ஓட்டையைப் பற்றி என்றால் பேசுவார். தம்பி இறங்கினானா, வண்டியைத் திருப்பினானா என்று நான் தீர்மானிக்கவில்லை. நீங்களும் தீர்மானிக்காமல் விடுங்கள் என்பதுதான் என் விருப்பம்.

ஒன்று மட்டும் உங்களைக் கேட்க வேண்டும்: இளையவனிடம் கதையின் நடுவில் சைக்கிள்தான் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் வேண்டுமென்றால் அங்கேயும் மாற்ற வேண்டும், இல்லையென்றால் லைற்றையும் எஞ்சினையும் நான் வேறு மாதிரி எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைக்கு முன் சொல்லுங்கள், சனி காலை மலர் அச்சுக்குப் போகிறது.