பச்சை மையும் ஓர் ஒற்றும்

எல்லாருக்கும் வணக்கம். இன்று நம்மிடமிருந்து விடைபெறும் நம் புரூஃப் திருத்துநர் மாணிக்கம் சாருக்கும், அவர் குடும்பத்திலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் வசந்தா அக்காவுக்கும், கயலுக்கும் தனி வணக்கம்.

சார், என் கையில் இருக்கும் இந்தத் தாளை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. இந்தப் பதிப்பகத்தில் நான் பக்க வடிவமைப்புக்கு வந்து 14 வருஷம் ஆகிறது. உங்கள் கண்ணில் படாமல் நான் எழுத்து எதையும் வெளியே விடுவது அபூர்வம். சட்டைப்பையில் அந்தப் பச்சைப் பேனா இருப்பது இங்கிருந்தே தெரிகிறது. பத்து நிமிஷம் மட்டும் அதற்கு மூடி போட்டு வையுங்கள். அப்புறம் மைக் உங்கள் கைக்கு வரும். எங்களை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம்.

நான் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம் காய்ச்சல் வந்தது. ஒரு தாளில் ‘உடம்பு சரியில்லை, இரண்டு நாள் விடுப்பு தர வேண்டும்’ என்று எழுதி மேசையில் வைத்துவிட்டு, நாற்காலியிலேயே சாய்ந்திருந்தேன். சார் அந்தப் பக்கமாக வந்தார், தாளைப் பார்த்தார், நின்றார். பேனாவை எடுத்து ‘விடுப்பு’க்கும் ‘தர’வுக்கும் நடுவில் ஒரு ‘த்’ போட்டார். “வன்தொடர்க் குற்றியலுகரம்மா, ஒற்று மிகும்” என்றார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். “காய்ச்சலா? எழுந்திரு, வீட்டில் விட்டுவிடுகிறேன்.” வண்டி எடுத்துவந்து அவரே கொண்டுபோய் விட்டார். ஆனால் ஒற்றுக்குத்தான் முதலிடம், சார். காய்ச்சல் அடுத்ததுதான். இதை நீங்கள் மறுக்க முடியாது, அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

நகல் எடுக்கும் இயந்திரத்துக்கு மேலே ஓர் அறிவிப்பு இருக்கிறதே, போகும்போது எல்லாரும் ஒருமுறை கிட்டே போய்ப் பாருங்கள். ‘அமைதியைக் கடைபிடிக்கவும்’ என்று அச்சாகி வந்தது அது. சார் என்ன செய்தார் தெரியுமா? பழைய புரூஃப் தாள் ஒன்றிலிருந்து அதே அளவில் ஒரு ‘ப்’பைத் தேடிக் கத்தரித்து, பசை தடவி, ‘டை’க்கும் ‘பி’க்கும் நடுவில் ஒட்டிவிட்டார். சுவரில் இருக்கும் தாள் வெளுத்துவிட்டது, அந்த ‘ப்’ மட்டும் பழுப்பேறித் தனியாகத் தெரிகிறது. நடுவில் ஒருமுறை சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அப்போது அறிவிப்பைக் கழற்றியவர்களிடம் சார் சொன்னது இரண்டே வார்த்தை: “ஒற்று பத்திரம்.”

ஈயத்தில் எழுத்துக் கோத்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர் அவர். தலைகீழாக, கண்ணாடியில் தெரிவதுபோல இருக்கும் வரிகளை அப்படியே படிப்பார். (சார், ‘கோத்த’ என்றுதான் சொன்னேன், ‘கோர்த்த’ என்று சொல்லவில்லை. கவனித்தீர்கள்தானே?) கணினி வந்தபோது அவருக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். கஷ்டம் வந்தது எங்களுக்குத்தான்.

ஒரு ராத்திரி ஒன்பது மணி. 212 பக்கப் புத்தகம், இறுதி புரூஃப் முடிந்து, கோப்பை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, “ஔவையார் என்று தேடும்மா” என்றார். தேடினேன். ஒன்றுகூட இல்லை என்றது கணினி. புத்தகம் முழுக்க ஔவையார் இருக்கிறார், கண்ணுக்கும் தெரிகிறார், தேடினால் மட்டும் இல்லை. தட்டச்சு செய்தவர் ‘ஔ’ என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக ‘ஒ’வையும் ‘ள’வையும் பக்கத்தில் பக்கத்தில் அடித்து வைத்திருந்தார். பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. “ஒரே மாதிரிதானே சார் இருக்கு, யாருக்குத் தெரியப்போகுது?” என்று கேட்டேன். “தேடுகிறவனுக்குத் தெரியும்” என்றார். 17 இடம். ஒவ்வொன்றாகத் திருத்தி முடிக்கும்வரை நாற்காலியில்கூட உட்காராமல் கூடவே நின்றார்.

‘வாழ்த்துக்கள்’ பற்றி நான் பேசவே வேண்டாம். இந்த அரங்கில் அந்த ‘க்’குக்காகக் குட்டு வாங்காதவர் யாராவது இருந்தால் கை தூக்குங்கள். யாரும் இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் யார் பிறந்தநாளானாலும் முதலில் 20 வாழ்த்து வரும், அதன் கீழே சார் ஒரே சொல்லில் ‘வாழ்த்துகள்’ என்று போடுவார். அது பிறந்தநாள்காரருக்கா எங்களுக்கா என்று இன்றுவரை தெரியவில்லை. இரண்டும் சரிதான் என்று சொல்லும் தமிழாசிரியர்களும் உண்டு. அதை அவரிடம் போய்ச் சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்துக்குள் திரும்பி வந்தவர் கிடையாது.

சரி, கிண்டல் இதோடு போதும். இனிமேல் சொல்லப்போவது சார் எனக்குக் கற்றுத் தந்த ஒரு விஷயம். இந்த மேடையில் கிண்டலாகப் பேச என்னைக் கூப்பிட்டபோது முதலில் முடியாது என்றுதான் சொன்னேன். அதற்குக் காரணம் இருக்கிறது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் இதேபோல ஒரு பிரிவு விழாவில் நான் பேசினேன். விடைபெற்றவரின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். அவர் கூட்டம் நடக்கும்போதுகூடப் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை செல்பேசியை எடுத்துப் பார்ப்பார். அதை வைத்து, ‘இவருக்கு வேலை செல்பேசியில், பொழுதுபோக்குத்தான் ஆபீஸ்’ என்று ஒரு வரி எழுதினேன். அன்று அதிகமாகச் சிரிப்பு வாங்கிய வரி அதுதான். அவரும் சிரித்தார். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலையில் மாணிக்கம் சார் என் மேசைக்கு வந்தார். “நேற்றுப் பேசினாயே, அந்தத் தாளைக் கொடு” என்றார். பாராட்டப் போகிறார் என்று நினைத்தேன். சாயங்காலம் தாள் திரும்பி வந்தது. அத்தனை வரியிலும் ஒரே ஒரு இடத்தில்தான் பச்சை மை. அந்தச் செல்பேசி வரியின் மேல் நீக்கல் கோடு. ஓரத்தில், ஆசிரியருக்குச் சந்தேகம் கேட்டு எழுதுவாரே அதே மாதிரி, ‘காரணம் தெரியுமா?’ என்று ஒரு கேள்வி. அதன் கீழே ‘குறள் 995’.

எடுத்துப் பார்த்தேன். ‘நகையுள்ளும் இன்னா திகழ்ச்சி’ என்று தொடங்குகிறது. விளையாட்டுக்குச் சொன்னாலும் இகழ்ச்சி வலிக்கும் என்பதுதான் அதற்குப் பொருள்.

காரணம் எனக்குத் தெரியாது. சாருக்கும் அப்போது தெரியாது. ஆனால் அரங்கமே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் மட்டும் அந்த மனிதரின் கையைப் பார்த்திருக்கிறார். செல்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, பையின் மேலேயே கையை அழுத்தி வைத்துக்கொண்டு சிரித்தாராம். பிறகு விசாரித்தேன். அவருடைய மனைவி பல மாதமாகச் சிகிச்சையில் இருந்தார். எந்த நேரமும் மருத்துவமனையிலிருந்து அழைப்பு வரலாம். அலுவலகத்தில் யாரிடமும் அவர் சொன்னதில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லம்மா, உனக்கு எப்படித் தெரியும்?” என்றார். அந்தப் ‘பரவாயில்லம்மா’ இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

“அவரும் சிரித்தாரே சார்” என்று நான் கேட்டதற்கு சார் சொன்னது இது: “நூறு பேர் நடுவில் சிரிக்காமல் வேறு என்ன செய்வார்?” அதன் பிறகு வந்த நாள்களில், புரூஃப் பார்ப்பதற்கு இடையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினோம். ஒருநாள் தொல்காப்பியத்தை எடுத்துக் காட்டினார். சிரிப்பு பிறக்கும் நான்கு இடங்களில் முதலாவதாக எள்ளல் இருக்கிறது. பிறரை எள்ளி நகுவதும் உண்டு, பிறர் எள்ளும்போது தானும் நகுவதும் உண்டு என்கிறார் உரையாசிரியர் பேராசிரியர். “கிண்டல் ஒன்றும் குற்றமில்லை. ஆனால் அந்த இரண்டாவது சிரிப்பு உள்ளே இருந்து வருகிறதா என்று பார்க்கத் தெரிய வேண்டும்” என்றார் சார்.

ஒருவர் தானாகப் பிடித்துவைத்திருக்கும் பழக்கத்தைச் சீண்டலாம், அது அவருக்கே பெருமையாக இருக்கும். அவர் மேல் வந்து விழுந்ததைத் தொடக் கூடாது: உடம்பு, குடும்பம், பணக் கஷ்டம், திக்குவாய், தோற்றுப்போன ஒரு முயற்சி. ஒரு பழக்கத்துக்குக் காரணம் தெரியவில்லையென்றால், தெரியும்வரை அந்த வரி மேடை ஏறக் கூடாது. நான் இதை இப்படித்தான் புரிந்துகொண்டேன். சார் இத்தனை வார்த்தையில் சொல்லவில்லை. “நம் வேலை சுட்டிக்காட்டுவது, குத்திக்காட்டுவது இல்லை” என்று மட்டும் சொன்னார்.

அவரும் அப்படித்தான் நடந்துகொண்டார். யாருடைய பிழையையும் நான்கு பேர் முன்னால் அவர் சத்தமாகப் படித்ததில்லை. பெரிய எழுத்தாளரானாலும் நேற்று வந்த பயிற்சிப் பையனானாலும், ஓரத்தில் சின்ன எழுத்தில்தான் திருத்தம் இருக்கும். என் அந்த ஒரு வரியையும் அவர் தாளில்தான் அடித்தார். எட்டு வருஷம் யாரிடமும் சொல்லவில்லை. இன்று நானேதான் சொல்கிறேன்.

அதனால் இந்தப் பேச்சை எழுதி முடித்ததும் வசந்தா அக்காவுக்குப் போன் செய்து முழுவதும் படித்துக் காட்டினேன். அக்கா நன்றாகச் சிரித்தார்கள். மூன்று இடத்தில் மட்டும் “அது வேண்டாம்மா” என்றார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. எடுத்துவிட்டேன், சார். அவை என்ன என்று இந்த அரங்கில் யாருக்கும் தெரியாது. எனக்கும் மறந்துபோகும்.

சார், திங்கள்கிழமையிலிருந்து உங்கள் நாற்காலி காலியாக இருக்கும். ராத்திரி ஒன்பது மணிக்குக் கோப்பை அனுப்பும் முன்னால் நான் பின்னால் திரும்பிப் பார்ப்பேன். ஔவையாரை நானே தேடிக்கொள்கிறேன். சந்தேகம் வந்தால் கூப்பிடுவேன், எடுக்க வேண்டும்.

எங்கள் எல்லாருடைய கையெழுத்தும் இருக்கும் வாழ்த்து அட்டை இது. பெரிய எழுத்தில் ‘வாழ்த்துக்கள்’ என்று அச்சடித்திருக்கிறோம், ‘க்’கோடு. பதற வேண்டாம், சார், கிட்டத்தில் பாருங்கள். அந்த ‘க்’கின் மேல் பச்சை மையில் ஒரு நீக்கல் கோடு இருக்கிறது. அதற்குக் கீழே மூன்று புள்ளி வைத்திருக்கிறோம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: புரூஃபில் அடித்ததற்குக் கீழே புள்ளி வைத்தால், ‘பரவாயில்லை, இது அப்படியே இருக்கட்டும்’ என்று அர்த்தம்.

வாங்க சார், மேடைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.