செல்வி அக்காவுக்கு

செல்வி அக்கா,

காலையில் ஆறு மணிக்குத் தம்பி போன் செய்து, "நைனா போய்ட்டாருடா" என்றான். யாருடைய நைனா என்று கேட்கவே தோன்றவில்லை. எங்க அப்பா போனபிறகு எனக்கு நைனா என்றால் உங்க அப்பா ஒருத்தர்தான். இரண்டு முறை உனக்குப் போன் போட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். வீடு நிறைய ஆள் இருப்பார்கள், நீ யாருக்கென்று பதில் சொல்வாய்? என் அழுகையையும் சேர்த்து உன் தலையில் வைக்க வேண்டாம் என்று இதை எழுதுகிறேன். எப்போது முடிகிறதோ அப்போது படி.

அக்கா, என்னால் வர முடியவில்லை. சாயங்காலம் நான்கு மணிக்கு எடுப்பதாகத் தம்பி சொன்னான். நான் இருப்பது மிசோரமில் லுங்லேய் பக்கம், ரோடு வேலையில். இங்கிருந்து அய்சால் போகவே மலைப்பாதையில் ஒரு பகல் ஆகிவிடும். அப்புறம் விமானம் பிடித்து, கொல்கத்தாவில் மாறி, சென்னைக்கு வந்து, குடியாத்தம் சேர நாளை ராத்திரியைத் தாண்டிவிடும். சில்சரில் ரயில் ஏறினால் நேராகக் காட்பாடியில் இறங்கலாம், ஆனால் அதற்கு மூன்று நாள். எப்படிப் பார்த்தாலும் நைனாவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கிடைக்காது. எனக்காக வைத்திருங்கள் என்று சொல்லவும் மனசு வரவில்லை. பெட்டிக்குள் வைத்துவிட்டு பெரியம்மா எத்தனை நேரம்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள்.

எங்க அப்பா செத்த அன்றைக்கு நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். சொந்தக்காரர்கள் வருவதற்கு முன்பே தறியை நிறுத்திவிட்டு ஓடிவந்தவர் நைனா. பாதி நெய்த லுங்கி தறியிலேயே மூன்று நாள் கிடந்தது. கொள்ளி வைக்கும்போது என் கை நடுங்கியதைப் பார்த்து, பின்னால் நின்று என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். அவரைத் தூக்கும்போது என் தோள் அங்கே இருக்க வேண்டும் அக்கா. இல்லையே என்பதுதான் காலையிலிருந்து என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றிய நாளெல்லாம் ஞாபகம் வருகிறது. விடியற்காலையில் தெருவில் பாவு போடும்போது இழை அறுந்தால் நமக்குத் திட்டு விழும் என்று நான் பயந்து நிற்பேன். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். இரண்டு விரலில் முடிச்சைப் போட்டுவிட்டு, "இப்போ நீ போடு பாக்கலாம்" என்பார். சிரசுத் திருவிழாக் கூட்டத்தில் உன்னைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னைத் தோளில் தூக்கி வைத்திருந்ததும் அவர்தான். முதல்முறை நான் வடக்கே கிளம்பியபோது கொடுத்த நீலக் கட்டம் போட்ட கைலி, அவரே நெய்தது, இன்னும் என்னிடம் இருக்கிறது. வெளுத்துவிட்டது, ஆனால் ஓர் இழை விடவில்லை.

தம்பியும் அம்மாவும் ஆம்பூரிலிருந்து கிளம்பிவிட்டார்கள். என் பேரில் ஒரு மாலை போடச் சொல்லியிருக்கிறேன். தோள் கொடுக்கும்போது எனக்கும் சேர்த்துத் தம்பி கொடுப்பான். வாய்க்கரிசி போடும்போது என் பெயரையும் ஒருமுறை சொல்லச் சொல். மச்சான் போனுக்குப் பத்தாயிரம் அனுப்பியிருக்கிறேன். அதை மொய்யில் எழுத வேண்டாம், வீட்டுப் பிள்ளை கொடுத்தது என்று செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரியத்துக்காவது வருகிறேன் என்று சும்மா வாய்க்குச் சொல்லிவிட்டு உன்னை எதிர்பார்க்க வைக்க மாட்டேன். போய்வரவே ஒரு வாரம் வழியில் கழிந்துவிடும். இங்கே மழையில் மண் சரிந்து, பாதை எப்போது அடைபடும் என்று சொல்ல முடியாது. பொங்கலுக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். வந்ததும் எங்கள் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக உங்கள் வீட்டுக்குத்தான் வருவேன்.

இங்கே மிசோக்கள் சாவு விழுந்த வீட்டைத் தனியாக விடமாட்டார்கள். ஊரே வந்து ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடும். நான் அழுவதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கார அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். அவர் மகனுக்கு வேலூரில்தான் ஆபரேஷன் நடந்ததாம். என் ஊர்ப் பெயரைச் சொல்லிச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நைனாவுக்காகவும் ஜெபம் செய்தார்.

அக்கா, கடைசி ஆறு மாதம் நீ அவரைப் பார்த்துக்கொண்ட விதம் எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் முன்னால் கூட்டிப் போயிருக்கலாமோ, வேறு டாக்டரைப் பார்த்திருக்கலாமோ என்று உன் மனசு இன்று ஆயிரம் கேட்கும். தூக்கிக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ராத்திரி முழிப்பு முழித்தது நீ. ஆயுத பூஜை அன்று போன் பேசும்போது, "செல்வி இருக்கா, எனக்கென்னடா குறை" என்று அவரே என்னிடம் சொன்னார்.

இதற்குப் பதில் எழுத வேண்டாம். வந்தவர்கள் எல்லாம் போய் வீடு காலியாகும் அந்த ராத்திரிதான் ரொம்பக் கஷ்டமாக இருக்கும். நாளைக்கு எட்டு மணிக்கு மேல் நானே கூப்பிடுகிறேன். பேச முடியாவிட்டாலும் போனைச் சும்மா காதில் வைத்துக்கொள். பெரியம்மா மாத்திரை போட வேண்டும், ஒரு டம்ளர் கஞ்சியாவது குடிக்க வை. நீயும் குடி.

உன் தம்பி,
குமார்