நவம்பர் 2025 வீட்டுக் கணக்கு

கையில்: 27,000. தீபாவளி மாதம் அவர் பெயின்ட் வேலை 20 நாள் (நாளுக்கு 900) 18,000, என் பிளவுஸ் தையல் 9,000. போன மாதம் வந்ததைத்தான் இந்த மாதம் செலவழிக்கிறோம். நவம்பரில் வருவது டிசம்பருக்கு.

செலவு
வாடகை 5,500
மளிகை 4,000 (அரிசி ரேஷனில்)
பால், காய்கறி, மீன் 3,300
கேஸ் 900
கரண்ட் 300 – பில் அடுத்த மாதம்தான், எடுத்து வைப்பது
பெட்ரோல் 1,000
ரீசார்ஜ், 2 போன் 600
பள்ளி வேன் 1,200
அத்தைக்கு மாத்திரை 700
மொத்தம் 17,500

கடன்
குழுக் கடன் தவணை 2,200. நகைக்கடன் வட்டி 800. இவை இரண்டும் தள்ள முடியாதவை. கையில் காசு இருப்பதால் நகைக்கடன் அசலில் 1,500. மொத்தம் 4,500.

சேமிப்பு
சீட்டு 2,000. மழை டப்பா 3,000. மொத்தம் 5,000.

15-ம் தேதி வரும் உரிமைத் தொகை 1,000: பாதி அஞ்சலக ஆர்.டி., பாதி பாப்பாவின் ஷூ. பழைய ஷூவில் பெருவிரல் எட்டிப் பார்க்கிறது.

மழையில் வெளிச்சுவர் வேலை கிடையாது. 8 நாள் கிடைத்தால் 7,200, தையல் 3,000, ஆக 10,200தான். டிசம்பருக்குக் குறைந்தது 22,500 வேண்டும். டப்பாவில் ஏற்கெனவே 9,500, இப்போது 3,000 சேர்ந்து 12,500. மிச்சம் 200! அதனால் டிசம்பரில் அசல் கட்டுவதில்லை. அவர் மச்சான் கைமாற்று கேட்டால், டப்பாவைத் தொடாமல் பதில் சொல்லவும்.