7-பி பெற்றோர் குழுவுக்கு: துன்புறுத்தல் தடுப்பு விதிகள், புகார் செய்யும் முறை, பள்ளி எடுக்கும் நடவடிக்கைகள்

எல்லோருக்கும் வணக்கம். 7-பி பெற்றோர் பிரதிநிதியாக இதை எழுதுகிறேன். செய்தி கொஞ்சம் நீளம். இப்போது நேரம் இல்லையென்றால் நட்சத்திரக் குறி போட்டு வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடுங்கள்.

போன சனிக்கிழமை கூட்டத்தில் பள்ளியின் புதிய துன்புறுத்தல் தடுப்பு விதிகளை விளக்கினார்கள். நம் வகுப்பிலிருந்து வந்தது 11 பேர்தான். கொடுத்த கையேடு 16 பக்கம், முழுக்க ஆங்கிலம். தமிழில் சுருக்கித் தரச் சொல்லிப் பலர் கேட்டீர்கள். முக்கியமானதை மட்டும் என் சொற்களில் தருகிறேன். ஏதாவது தகராறு வந்தால் கையேட்டில் உள்ளதுதான் செல்லும், என் செய்தி செல்லாது.

முதலில், எதைத் துன்புறுத்தல் என்கிறார்கள்? இரண்டு பிள்ளைகள் கிரிக்கெட்டில் அவுட்டா இல்லையா என்று சட்டையைப் பிடித்துக்கொண்டால் அது சண்டை. வகுப்பாசிரியர் அன்றைக்கே பேசித் தீர்த்துவிடுவார். ஒருவர் கை எப்போதும் ஓங்கியிருந்து, இன்னொருவர் எதிர்த்துப் பேச முடியாத நிலையில் மறுபடி மறுபடி நடப்பதுதான் துன்புறுத்தல். அடிப்பது, தள்ளுவது, டிபன் பாக்ஸைப் பிடுங்குவது, காசு கேட்டு மிரட்டுவது எல்லாம் இதில் வரும் என்பது தெரிந்ததுதான். ஆனால் நம் பிள்ளைகள் வயதில் அதிகம் நடப்பது வேறு. நிறம், உடம்பு, திக்குவாய் என்று எதையாவது பிடித்துப் பட்டப்பெயர் வைப்பது. “அவளோடு யாரும் பேசக் கூடாது” என்று ஒதுக்கி வைப்பது. கூப்பிடாமல் விட்ட பிறந்தநாள் விழாவின் படங்களை வேண்டுமென்றே காட்டுவது. ஒரு பிள்ளையின் போட்டோவை ஸ்டிக்கராக்கிச் சுற்றுக்கு விடுவது. இவை எல்லாமே விதிகளுக்குள் வருகின்றன. வீட்டிலிருந்து ராத்திரி 10 மணிக்கு அனுப்பிய மெசேஜ் என்றாலும், பாதிக்கப்படுவது நம் பள்ளி மாணவர் என்றால் பள்ளி தலையிடும். பள்ளி வேனும் பஸ்ஸும் வளாகத்தில் சேர்த்திதான்.

சாதியைக் கேட்பதற்கும் சாதி சொல்லி ஏசுவதற்கும் தனிப் பத்தி ஒதுக்கியிருக்கிறார்கள். இவற்றுக்கு “மறுபடி மறுபடி” என்ற கணக்கே கிடையாது. ஒரு தடவை நடந்தாலே புகார்தான். கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது என்பதும் அதே பத்தியில் இருக்கிறது. கோயில் கயிற்றைக் கூடவா கழற்றச் சொல்வார்கள் என்று கூட்டத்தில் ஒருவர் வருத்தப்பட்டார். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டியது நினைவிருக்கும். அதையடுத்து அரசு அமைத்த ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் இந்தக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னது. எந்தக் கயிறு சாமிக்கு, எந்தக் கயிறு சாதிக்கு என்று வாசலில் நிற்கும் பி.டி. சார் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் பள்ளி எல்லாவற்றையும் நிறுத்துகிறது. எனக்கு இது சரியாகவே படுகிறது.

இப்போது புகார் செய்யும் முறை.

முதலில் வகுப்பாசிரியர். டைரியில் எழுதலாம், அல்லது டைரியின் கடைசிப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மின்னஞ்சலுக்கு அனுப்பலாம். தமிழில் எழுதலாம் என்று நான் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். போனில் சொன்னால் போதாதா என்றால், போதாது. எழுத்தில் போகும் நாளிலிருந்துதான் கெடு ஓடும். அடுத்த வேலைநாளுக்குள் “கிடைத்தது” என்று பதில் வர வேண்டும். 3 வேலைநாளுக்குள் இரண்டு பிள்ளைகளிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும். இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் “கை குலுக்கிக்கொள்ளுங்கள்” என்று அனுப்பும் பழைய வழக்கம் இனி இல்லை. பயந்துபோன பிள்ளை அந்த இடத்தில் வாயே திறக்காது என்பது நமக்கெல்லாம் தெரியும். 10 வேலைநாளுக்குள் என்ன முடிவு என்று இரு வீட்டுக்கும் எழுத்தில் தெரிவிப்பார்கள்.

வகுப்பாசிரியரிடம் தீரவில்லை, அல்லது விஷயம் பெரிது என்றால் துன்புறுத்தல் தடுப்புக் குழுவுக்குப் போகும். 2015-இல் சி.பி.எஸ்.இ. அனுப்பிய வழிகாட்டுதலிலேயே இப்படி ஒரு குழு வேண்டும் என்று இருக்கிறது. நம் பள்ளியில் அதற்கு உயிர் வந்தது இந்த வருடம்தான் என்பது வேறு கதை. துணை முதல்வர் தலைவர். இரண்டு ஆசிரியர்கள், கவுன்சிலர் (வார்டு கவுன்சிலர் இல்லை, பிள்ளைகளிடம் பேசும் மனநல ஆலோசகர்), பெற்றோர் இருவர், 11-ஆம் வகுப்பு மாணவர் இருவர் உறுப்பினர்கள். குழு முடிவும் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் முதல்வரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

பிள்ளைகளே நேராகச் சொல்லவும் வழி இருக்கிறது. நூலக வாசலில் நீலப் பெட்டி வைத்திருக்கிறார்கள். கவுன்சிலர் மிஸ் தினமும் மதியம் திறப்பார். பெயர் எழுதாமலும் போடலாம். ஆனால் பெயர் இல்லாத சீட்டை வைத்து யாரையும் தண்டிக்க மாட்டார்கள். சீட்டில் சொன்ன இடத்தைக் கண்காணிக்க மட்டும் பயன்படுத்துவார்கள்.

துன்புறுத்துவது ஆசிரியராகவோ பஸ் ஊழியராகவோ இருந்தால் வகுப்பாசிரியரிடம் போக வேண்டாம், நேரே முதல்வருக்கு எழுதுங்கள். அடிப்பதும் மனம் நோகப் பேசுவதும் 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் தடை செய்யப்பட்டவை. “நல்லா ரெண்டு போடுங்க மிஸ்” என்று நாமே சொல்லிவிட்டு வருகிறோமே, அதையும் நிறுத்திக்கொள்வோம்.

பாலியல் சீண்டல் என்றால் மேலே சொன்ன எந்தப் படியும் பொருந்தாது. போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் போயே ஆக வேண்டும். தெரிந்தும் சொல்லாமல் விடுவதே தண்டனைக்குரிய குற்றம். பள்ளிக்குள் பேசி முடிப்பது என்ற பேச்சுக்கு இதில் இடமில்லை.

பள்ளிக்கு வெளியே உதவி வேண்டுமென்றால்: குழந்தைகள் உதவி எண் 1098, எந்நேரமும் கூப்பிடலாம். பள்ளிக் கல்வித் துறையின் எண் 14417. இணையத்தில் படம் பரப்புவது, போலிக் கணக்கு போன்றவற்றுக்கு cybercrime.gov.in தளத்தில் புகார் பதியலாம்.

சரி, தப்பு செய்த பிள்ளையை என்ன செய்வார்கள்? கூட்டத்தில் அதிக நேரம் போனது இதற்குத்தான்.

முதல் தடவை, சிறிய விஷயம் என்றால் கவுன்சிலரோடு குறைந்தது இரண்டு அமர்வு, பெற்றோருக்குத் தகவல், பாதிக்கப்பட்ட பிள்ளை ஒப்புக்கொண்டால் மட்டும் நேரில் மன்னிப்பு. அசெம்பிளியில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைப்பது கிடையாது. தொடர்ந்தால் பெற்றோரை வரவழைத்து எழுத்தில் எச்சரிக்கை, பிரிவோ பஸ் இருக்கையோ மாற்றம், லீடர் பொறுப்பு இருந்தால் பறிப்பு, அந்தப் பருவத்துச் சுற்றுலா ரத்து. இடம் மாற்ற வேண்டுமென்றால் துன்புறுத்திய பிள்ளையைத்தான் மாற்றுவார்கள், பாதிக்கப்பட்ட பிள்ளையை இல்லை. இந்த ஒரு வரிக்காகக் குழுவில் இருக்கும் பெற்றோர் இருவரும் நிறையவே வாதாடினார்கள். காயம், மிரட்டிப் பணம் பறித்தல், சாதி வசை, படம் பரப்புதல் என்றால் நேரடியாக 3 முதல் 5 நாள் சஸ்பென்ஷன். அந்த நாட்களின் பாடம் வீட்டுக்கு வந்துவிடும். திரும்பி வரும்போது பெற்றோரோடு வர வேண்டும்.

“டிசி கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே?” என்று கேட்டவர்களுக்கு: 8-ஆம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்கிறது. ஆக, நம் வகுப்புக்கு அந்தப் பேச்சே எழாது. 9-ஆம் வகுப்புக்கு மேல், மற்ற எல்லா வழியும் பலிக்காமல் போனால் மட்டும் குழு பரிந்துரைக்கலாம். எனக்கும் முதலில் இது ஏமாற்றமாகத்தான் இருந்தது. அப்புறம் யோசித்தால், 12 வயதில் வெளியே அனுப்பிய பிள்ளை அடுத்த பள்ளியில் போய் இதையேதான் செய்யப்போகிறது.

புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கினால் அது தனிக் குற்றம், முதல் குற்றத்தைவிட ஒரு படி மேலே நடவடிக்கை. நின்று வேடிக்கை பார்த்து வீடியோ எடுத்த பிள்ளைகளும் தப்ப மாட்டார்கள். ஓடிப்போய் மிஸ்ஸிடம் சொன்ன பிள்ளைக்குப் பாராட்டு உண்டு. புகார் நிரூபணம் ஆகவில்லை என்பதற்காக யாரையும் தண்டிக்க மாட்டார்கள். வேண்டுமென்றே கதை கட்டியது தெரிந்தால் மட்டும் நடவடிக்கை.

கடைசியாக நம் குழுவைப் பற்றி. போன மாதம் பஸ் விஷயத்தில் ஒரே ராத்திரியில் இங்கே 140 மெசேஜ் ஓடியது. ஒரு பையனின் போட்டோவைப் போட்டு, “இவன்தான்” என்று எழுதினார்கள். மறுநாள் விசாரித்தால் அவன் அந்த பஸ்ஸிலேயே வருவதில்லை. அவன் அம்மா இந்தக் குழுவை விட்டுப் போனவர் இன்னும் திரும்பவில்லை. நானும் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லித் தடுக்காமல் படித்துக்கொண்டுதான் இருந்தேன். இனி எந்தப் பிள்ளையின் பெயர், படம், ஸ்கிரீன்ஷாட் இங்கே வந்தாலும் நானும் மற்ற அட்மினும் உடனே நீக்குவோம். ஸ்கிரீன்ஷாட் சாட்சி என்றால் அழிக்காமல் உங்கள் போனில் வைத்துக்கொண்டு மின்னஞ்சலில் அனுப்புங்கள். என்ன நடந்தது, எந்த நாள், எங்கே, யார் பார்த்தார்கள் என்று பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே நாலு வரி எழுதினால் போதும். எழுத வராதவர்கள் எனக்குத் தனியாகப் பேசுங்கள், எழுதித் தருகிறேன். விஷயம் வெளியே போகாது. அந்த வீட்டாருக்கு நேராகப் போன் போட்டுக் கேட்பதை மட்டும் தயவுசெய்து தவிருங்கள். இரண்டு பிள்ளைகள் விவகாரம் இரண்டு குடும்பங்களின் விவகாரமாவதற்கு ஒரு போன் போதும்.

கையேட்டின் கடைசிப் பச்சைத் தாளில் பெற்றோரும் பிள்ளையும் கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் டைரியில் வைத்து அனுப்ப வேண்டும். கையேடு கிடைக்காதவர்கள் அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். அடுத்த சனிக்கிழமை காலை 10 மணிக்குக் கவுன்சிலர் மிஸ் முதல் மாடி ஏ.வி. அறையில் இருப்பார். கேள்விகளை அங்கே கேட்கலாம். தாத்தா பாட்டிதான் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அவர்களையும் அழைத்து வாருங்கள். லிஃப்ட் வேலை செய்கிறது, விசாரித்துவிட்டேன்.